முகூர்த்தம் மாறினால் நெடுந்தீவாருக்கு என்ன சொல்வது?

கேள்வி: நயினாதீவில் வெள்ளிக்கிழமை எங்கள் மகளின் கல்யாணம். அழைப்பிதழில் முகூர்த்தம் காலை 10.15 என்று அடித்துவிட்டோம். இப்போது ஐயர் 8.10 முதல் 9.00 வரை என்கிறார். நேரம் மாறுவது அபசகுனமா? நெடுந்தீவில் இருக்கும் வயதான உறவினருக்கு எப்படி அறிவிப்பது?

பதில்: நல்ல கேள்வி, அம்மா. முதல் பாதிக்கு வானமும் இரண்டாம் பாதிக்குக் கடலும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அபசகுனம் ஒன்றும் இல்லை. ஐயர் பிழைவிட்டார் என்றும் எண்ண வேண்டாம். யாழ்ப்பாணத்தில் இரண்டு பஞ்சாங்கங்கள் புழக்கத்தில் உள்ளன. வாக்கியம் பழைய சூத்திரச் செய்யுள்களைக் கொண்டு கணிப்பது. திருக்கணிதம் இன்றைய வானியல் அளவுகளுக்கு ஏற்பத் திருத்திக் கணிப்பது. திதி என்பது சந்திரன் சூரியனிலிருந்து 12 பாகை விலக எடுக்கும் காலம். அது முடியும் நேரம் இரண்டிலும் ஒன்றாக இராது. சில நாட்களில் மணித்தியாலக் கணக்கில் வேறுபடும். ஒன்றைப் பார்த்து வைத்த நேரத்தை மற்றதோடு ஒப்பிட்டால், நல்ல திதி முன்னரே முடிவது தெரியவரும். அப்போது அதற்கு முந்திய லக்கினத்துக்கு, அதாவது கீழ்வானில் அந்நேரம் உதிக்கும் இராசிக்கு, போகவேண்டும். ஒரு லக்கினம் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் நிற்கும். உங்கள் முகூர்த்தமும் அவ்வளவுதான் முன்னால் வந்திருக்கிறது. ஐயரிடம் கேட்டால் உங்கள் விஷயத்தில் காரணம் இதுதானா என்று சொல்லிவிடுவார். எந்தப் பஞ்சாங்கப்படி என்பதையும் அறிவிப்பில் சேருங்கள். இல்லாவிட்டால் வீட்டில் பஞ்சாங்கம் பார்க்கும் பெரியவர் ஒருவர் உங்கள் நேரத்தை அன்போடு திருத்தி, நான்கு பேருக்குச் சொல்லிவிடுவார்.

இனிக் கடலுக்கு வருவோம். புதிய நேரத்தைச் சொல்லிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பட்டணத்தில் இருப்பவருக்குப் போதும். தீவில் இருப்பவருக்குப் போதாது. முகூர்த்தம் நகர்ந்தாலும் படகு நகராது. பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். பெரியவர்கள் அவசரமின்றிக் கதிரையில் அமர 7.40க்காவது மண்டபத்தில் இருக்கவேண்டும். குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் படகோட்டம் ஏறக்குறைய 20 நிமிடம். காத்திருப்பு, ஏறுதல், இறங்குதல், நடை எல்லாம் சேர்த்தால் 6.30க்குக் குறிகட்டுவான் துறையில் நிற்கவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வருபவர் 5 மணிக்கு வானில் புறப்பட்டால் சரி. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு மட்டுமே ஒரு மணித்தியாலம் அளவில் கடல். அங்கே இறங்கி அடுத்த படகு மாறவேண்டும். ஆகவே அவர்களுடைய படகு விடிய 5.15 அளவில் கிளம்பியிருக்கவேண்டும். துறையில் விசாரியுங்கள். அந்நேரத்தில் படகு இல்லையென்றால், நீங்கள் இரண்டு மணித்தியாலம் என்று நினைத்த மாற்றம் அவர்களுக்கு ஒரு நாள். முதல் நாளே வரவேண்டும். சோழகக் காற்றுக் காலமென்றால் படகு இருந்தாலும் முதல் நாள் வருவதே நல்லது. துறைக்கும் தளம்பும் படகுக்கும் இடையே காலெடுத்து வைப்பது எண்பது வயதில் இலேசில்லை.

ஆகையால் அவர்களிடம் தாலி கட்டும் நேரத்தை முதலில் சொல்லாதீர்கள். புறப்படும் நேரத்தைச் சொல்லுங்கள். இப்படி: "பெரியம்மா, கல்யாணம் வெள்ளிக்கிழமைதான், நாள் மாறேல்லை. நீங்கள் வியாழக்கிழமைப் படகில வாங்கோ. குறிகட்டுவான் துறையில தம்பி வந்து நிப்பான், கையைப் பிடிச்சு மற்றப் படகில ஏத்துவான். இரவு எங்கட வீட்டிலதான் படுக்கை. குளிசையை மறக்காமல் எடுத்து வாங்கோ."

"பழைய நேரம்", "புதிய நேரம்" என்ற சொற்கள் மட்டும் வேண்டாம். 1996 மே மாதம் இலங்கையில் மணிக்கூடு ஒரு மணித்தியாலம் முன்தள்ளப்பட்டு, ஒக்டோபரில் அதில் பாதி குறைக்கப்பட்டு, 2006 ஏப்ரலில்தான் பழையபடி ஆனது. அந்தப் பத்து ஆண்டும் எந்த நேரம் என்று கேட்டுக் கேட்டே வாழ்ந்த தலைமுறை இது. அந்தச் சொல்லைக் கேட்டால் அரை மணித்தியாலத்தைக் கூட்டவோ குறைக்கவோ மனக்கணக்குத் தொடங்கிவிடும். மணியை மட்டும் சொல்லுங்கள்.

சொன்னபின் "விளங்கினதோ?" என்று கேட்டால் எல்லாரும் ஓம் என்பார்கள். அதற்குப் பதிலாக, "எப்ப வீட்டால வெளிக்கிடுவியள்?" என்று கேளுங்கள். "வியாழக்கிழமை" என்று வந்தால் சரி. "பத்தேகாலுக்குத்தானே தாலி?" என்று வந்தால் சுவரில் செருகியிருக்கும் அழைப்பிதழ்தான் இன்னும் பேசுகிறது. அந்த வீட்டுப் பிள்ளை ஒன்றிடம் சொல்லி, அழைப்பிதழில் 10.15ஐப் பேனாவால் வெட்டி, பக்கத்தில் "வியாழன் படகு" என்று பெரிதாக எழுதச் செய்யுங்கள்.

தாலி முந்துவதால் அறுகரிசி போடுவதும் பந்தியும் முந்தும். வெள்ளிக்கிழமையே வீடு திரும்ப எந்தப் படகு, குறிகட்டுவான் வரை யார் கூட வருவார் என்பதையும் அதே அழைப்பில் சொல்லிவிடுங்கள்.