படம் யாருடையது? எழுத்துரு யாருடையது?

சுங்கை சிப்புட் அருகே பழைய ரப்பர் தோட்டம் ஒன்றில் வளர்ந்த அத்தை ஒருவர், இப்பொழுது ஈப்போவில் முறுக்கு சுட்டு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய வணிகப் பக்கத்திற்காக அண்ணன் மகள் ஐந்து சுழல் படவில்லைகளைத் தயாரிக்கிறாள். முறுக்குப் படங்களை அவளே கைப்பேசியில் எடுத்துவிட்டாள், அவற்றில் சிக்கலில்லை. முதல் வில்லைக்கு மட்டும் 1917-இல் திறக்கப்பட்ட ஈப்போ இரயில் நிலையத்தின் படம் தேவைப்படுகிறது.

கூகலில் தேடினால் படங்கள் குவிகின்றன. ஆனால், தேடுபொறி படம் இருக்கும் இடத்தைத்தான் காட்டுகிறது. பயன்படுத்தும் உரிமையைத் தருவதில்லை. ஆகவே, அவள் படம் முதலில் வெளியான பக்கத்தைத் திறந்து உரிமத்தைப் பார்க்கிறாள். ஒரு படத்தில் CC BY-NC என்றிருக்கிறது. NC என்றால் வணிகத்திற்குப் பயன்படுத்தக்கூடாது. முறுக்கு விற்கும் பக்கம் சிறியதாயினும் வணிகமே. அந்தப் படத்தை விட்டுவிடுகிறாள்.

இன்னொரு படம் விக்கிமீடியா காமன்ஸில் CC BY-SA 4.0 உரிமத்தில் கிடைக்கிறது. BY என்பது எடுத்தவரின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்பதாகும். SA சற்று நுட்பமானது. படத்தின் மேல் கடைப்பெயரையும் அலங்காரத்தையும் சேர்த்து மாற்றினால், உருவாகும் வில்லையையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். பிறகு யாரும் அதை எடுத்து மாற்றலாம். அத்தைக்கு அது பிடிக்குமா? எனவே, படத்தை மாற்றாமல் தனி வில்லையாக வைத்து, அதன் கீழே சிறிய எழுத்தில் இவ்வாறு எழுதுகிறாள்:

படம்: எடுத்தவர் பெயர், Wikimedia Commons, CC BY-SA 4.0

இணைப்புகளைப் பதிவின் விளக்கத்தில் சேர்க்கிறாள். பெயரை விளக்கத்தில் மட்டும் எழுதியிருந்தால், ஒரு வில்லையைத் தனியே பகிரும்போது அது விடுபட்டுவிடும்.

அடுத்து எழுத்துரு. இலவசத் தளமொன்றில் அவள் பதிவிறக்கிய அழகான எழுத்துருவுடன் ஓர் உரைக்கோப்பும் வந்திருந்தது. பலர் திறந்தே பார்க்காத கோப்பு அது! அதில் Personal use only என்றிருந்தது. சொந்த வாழ்த்தட்டைக்கு அது போதும், கடைக்குப் போதாது. அதை நீக்கிவிட்டு நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கிறாள். அது OFL எனும் திறந்த உரிமத்தில் வருவதால், வணிகப் படங்களிலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். எழுத்துருக் கோப்பைத் தனியே விற்பதைத்தான் அவ்வுரிமம் தடுக்கிறது.

இத்தவறு பெரிய நிறுவனங்களுக்கும் நேர்ந்ததுண்டு. இணையத்தில் பதிப்புரிமை மீறலைத் தடுக்க அமைக்கப்பட்ட பிரான்சின் ஹதோபி அமைப்பு, 2010-இல் தன் சின்னத்தை வெளியிட்டது. அதிலிருந்த எழுத்துரு, பிரான்ஸ் டெலிகாம் நிறுவனத்திற்கென்றே ழான்-பிரான்சுவா போர்ஷே வடிவமைத்தது. அனுமதி பெறாதது வெளிப்பட்டதும் சின்னத்தை வேறு எழுத்துருவில் மாற்ற வேண்டியதாயிற்று.

வில்லைகளைப் பதிவேற்றும் முன், உரிமம் காணப்படும் பக்கங்களைத் திரைப்பிடிப்பு செய்து, தேதியிட்டு ஒரே கோப்புறையில் சேமிக்கிறாள். எழுத்துருவின் OFL.txt கோப்பும் அதில் இருக்கிறது. நாளை அந்தப் பக்கங்கள் இணையத்திலிருந்து நீங்கிவிட்டாலும், கேட்பவருக்குக் காட்ட அத்தையிடம் சான்று இருக்கும்.