வினையை அளக்குஞ் சொற்கள் நிற்கும் இடம்

ஒரு செயல் எத்துணை முறை நிகழ்கின்றது என்பதைக் காட்டும் வினையடைகள் தமிழிற் பல உள. எப்பொழுதும், வழக்கமாக, அடிக்கடி, அரிதாக, ஒருபோதும் என்பன அவற்றுட் சில. மாணவர் கட்டுரைகளிலும் பெரியோர் கடிதங்களிலும் இச்சொற்கள் இடம் பிறழ்ந்து நின்று, எழுதுவோர் கருதாத பொருளைத் தந்துவிடுதலைக் காண்கின்றோம். ஆதலின் அவை நிற்றற்குரிய இடத்தை ஈண்டு ஆராய்வோம்.

ஆங்கிலத்தில் இத்தகைய சொல் பெரும்பாலும் தலைமை வினைக்கு முன்னும், ‘இஸ்’ போன்ற வினைக்குப் பின்னும் நிற்கும். தமிழில் அத்துணைக் கட்டுப்பாடு இல்லை. ‘நம் ஆசிரியர் அடிக்கடி வெள்ளவத்தைக்குச் செல்வார்’ எனலாம். ‘அடிக்கடி நம் ஆசிரியர் வெள்ளவத்தைக்குச் செல்வார்’ எனலாம். ‘வெள்ளவத்தைக்கு அடிக்கடி செல்வார்’ என்றலும் அமையும். வாக்கியத்தில் வினை ஒன்றே ஆதலின், அடை எங்கு நின்றாலும் அதனையே சென்று பற்றும்.

வினை இரண்டாயின் இடர் தோன்றும். ‘அடிக்கடி கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் பஸ்வண்டி பிந்துகின்றது’ என ஒருவர் முறைப்பாடு எழுதுகின்றார் எனக் கொள்வோம். அடிக்கடி நிகழ்வது வண்டியின் வரவா, பிந்துதலா? அடைக்கு அண்மையில் நிற்கும் வினை ‘வரும்’ என்னும் பெயரெச்சமே. ஆகவே படிப்போர், வண்டிகள் அடிக்கடி வருகின்றன என்றே முதலிற் கொள்வர். முறைப்பாடு பாராட்டாகிவிடும்! ‘கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் பஸ்வண்டி அடிக்கடி பிந்துகின்றது’ என அடையை முற்றுவினைக்கு முன் வைத்தால் ஐயம் நீங்கும். எச்சத்துக்கும் அதனை முடிக்குஞ் சொல்லுக்கும் இடையே பிற சொற்கள் வருதலை நன்னூலார் இடைப்பிறவரல் என ஏற்றுக்கொண்டார். ஆயினும் ஏற்பனவே வரலாம் என வரம்பும் வகுத்தார். அவ்வரம்பின் பயன் இங்கே புலனாகின்றது.

எதிர்மறை வரும்போது இன்னும் விழிப்பு வேண்டும். ஆங்கிலத்தில் ‘நெவர்’ என்னும் ஒரு சொல்லே மறுப்பையும் தன்னுள் அடக்கி நிற்கும். தமிழிலோ மறுப்பு வினையிலேயே அமையும். மாணவன் ஒருவனின் தேர்ச்சி அறிக்கையில், ‘இவன் எப்பொழுதும் வீட்டுவேலை செய்து வருவதில்லை’ என எழுதப்பட்டால் தந்தையார் என்ன கொள்வார்? ஒருநாளேனும் செய்வதில்லை என்று கொள்ளலாம். சில நாட்களில் மட்டும் தவறுகின்றான் என்றுங் கொள்ளலாம். முன்னது உண்மையாயின் மாணவன் தண்டனைக்குரியவன். பின்னது உண்மையாயின் ஓர் அறிவுரை போதும். இங்கே அடையை இடம் மாற்றுவதால் மட்டும் ஐயம் நீங்காது. வாக்கியத்தையே மாற்றுதல் வேண்டும். முழு மறுப்பாயின் ‘ஒருநாளும் செய்து வருவதில்லை’ என்க. குறை மறுப்பாயின் ‘சில நாட்களில் வீட்டுவேலை செய்யாது வருகின்றான்’ என்க. ‘எப்பொழுதும் செய்து வருபவன் அல்லன்’ என வினையாலணையும் பெயரை மறுத்தாலும் குறை மறுப்பே தோன்றும்.

ஒருநாளும், ஒருபோதும் என்பன ஐயம் விளையா. ‘ஒருநாளும் வருகின்றான்’ என உடன்பாட்டில் எவரும் சொல்லார். அவை எதிர்மறையோடு மட்டுமே இயைவன. ‘எப்பொழுதும்’ என்பதோ உடன்பாட்டிலும் வரும். மறுப்போடு சேரும்போது இருபொருள் படுதற்கு அதுவே காரணம்.

எதிர்மறை வினையெச்சத்திலும் இந்நிலை உண்டு. ‘எப்பொழுதும் படிக்காமல் விளையாடுகின்றான்’ என்பது மகனைக் கடிந்துரைப்பதாகும். ஆனால் ‘எப்பொழுதும் படிக்காமல் சிறிது விளையாடு’ என்னும் தாயின் சொல்லில், அதே தொடர் ஓயாது படித்தலை விலக்குகின்றது. முன்னதைத் தெளிவாக்க, ‘படிக்காமல் எப்பொழுதும் விளையாடுகின்றான்’ என அடையைப் பின்னே கொணர்தல் வேண்டும். பின்னதை, ‘எப்பொழுதும் படித்துக்கொண்டிராமல் சிறிது விளையாடு’ என விரித்துரைத்தல் நன்று.

இறுதியாக ஒரு சொல் பற்றிக் கூறுவோம். அரிதாக என்னும் பொருளில் ‘அருமையாக’ என்பது நம்மவர் வழக்கில் உண்டு. ‘அவர் அருமையாகத்தான் இங்கு வருவார்’ என்பதில் மயக்கமில்லை. ஆனால் ‘அவர் அருமையாகப் பாடுவார்’ எனின், அது சிறப்பாகப் பாடுதலையே குறிக்கும். பாடுதல், எழுதுதல், சமைத்தல் போன்ற திறன்வினைகளின் முன் ‘அரிதாகவே’ என்றெழுதுதல் தக்கது.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்க. அடையின் வலப்புறம் நோக்கி, முதலில் எதிர்ப்படும் வினையைக் கண்டுகொள்க. நீவிர் அளக்கக் கருதிய வினை அதுவேயாயின் அடை இருக்கட்டும். அன்றாயின் இடம் மாற்றுக. அவ்வினை எதிர்மறையாயின், முழு மறுப்போ குறை மறுப்போ எனத் தெளிந்து, அதற்கேற்ப எழுதுக.