மாஜரின் மரக்கறி உணவா?

கந்தசஷ்டி, வெள்ளி விரதம் என்று வந்தால் நம்ம லயத்து வீடுகளில் ஒரு பேச்சு எழும்: "பாணுக்கு மாஜரின் பூசலாமா? அது மாட்டுக் கொழுப்புன்னு சொல்றாங்களே!" இது வெறும் கட்டுக்கதை அல்ல. 1869இல் பிரான்ஸ் நாட்டில் முதன்முதலாக மாஜரின் செய்தவர், மாட்டுக் கொழுப்பையும் ஆடை நீக்கிய பாலையும் கொண்டுதான் செய்தார். இன்று கடையில் நாம் வாங்குவது பெரும்பாலும் தாவர எண்ணெயில் ஆனது.

எண்ணெய் எப்படிக் கட்டியாகிறது? நுவரெலியாப் பக்கம் விடியற்காலையில் தேங்காய் எண்ணெய் போத்தலிலேயே உறைந்து கிடக்கும்; வெயில் பட்டால் இளகிவிடும். அங்கே எண்ணெய் மாறவில்லை, குளிரில் உறைகிறது, அவ்வளவுதான். ஐதரசனேற்றம் என்பது வேறு. சோயா எண்ணெய் போன்ற திரவ எண்ணெயை மூடிய கொப்பரையில் நன்றாகச் சூடாக்கி, நிக்கல் உலோகத் தூள் கலந்து, அழுத்தத்தோடு ஐதரசன் வாயுவைச் செலுத்துவார்கள். பிறகு நிக்கலை வடித்து எடுத்துவிடுவார்கள். மிருகப் பொருள் எதுவும் இதில் சேர்வதில்லை.

கோணல் விறகை அடுக்கினால் இடைவெளி விழும், நேரான விறகு நெருங்கி அடுங்கும் அல்லவா? திரவ எண்ணெயின் கொழுப்புச் சங்கிலிகளும் கோணலானவை. ஐதரசன் ஏற ஏற அவை நிமிர்ந்து நெருங்குகின்றன, எண்ணெய் கட்டியாகிறது. ஆனால் இந்த வேலையைப் பாதியில் நிறுத்தினால், சில சங்கிலிகள் ஐதரசன் ஏறாமலே முறுகி நிமிர்ந்துவிடும். அதுதான் ட்ரான்ஸ் கொழுப்பு. அது கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டும், நல்லதைக் குறைக்கும், இருதயத்துக்குக் கேடு. இதை உணவிலிருந்து அகற்றும்படி உலக சுகாதார நிறுவனம் 2018இல் எல்லா நாடுகளையும் கேட்டது. பாம் எண்ணெய் இயல்பிலேயே அரைக்கட்டி என்பதால், ஐதரசன் ஏற்றாமலும் அதில் மாஜரின் செய்யலாம்.

சரி, மிருகப் பொருள் எங்கே புகுகிறது? டப்பாவின் பின்பக்கச் சிறு எழுத்தில் பாருங்கள். "தாவர எண்ணெய், நீர், உப்பு, மோர்த்தூள், 471, விட்டமின் ஏ, டி3" என்று இருக்கிறது என வைத்துக்கொள்வோம். மோர்த்தூள் பாலிலிருந்து வருவது. 471 எண்ணெயையும் நீரையும் பிரியாமல் பிடித்து வைக்கும் பொருள். தாவரக் கொழுப்பிலும் செய்யலாம், மிருகக் கொழுப்பிலும் செய்யலாம், இலக்கத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமத்தின் பிசுக்கிலிருந்து எடுப்பது. பால் சேர்த்து விரதம் பிடிப்பவருக்கு மோர்த்தூள் தடையல்ல. பாலும் தொடாத 'வீகன்'காரருக்கு இந்த டப்பா ஆகாது. பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கும் கொடுக்க வேண்டாம்.

பேக்கரியில் பற்றிஸ், பிஸ்கட்டுக்குப் போடும் ஷோட்னிங் வேறு. அதில் நீரும் பாலும் இருக்காது, முழுக்கக் கொழுப்புதான். பெயருக்கு முன்னால் 'தாவர' என்று இருந்தால் எண்ணெயில் ஆனது. வெறும் 'ஷோட்னிங்' என்றால் பன்றி, மாட்டுக் கொழுப்பும் கலந்திருக்கலாம். கடையில் கேட்கும்போது, "என்ன கொழுப்பு போடுறீங்க, பெட்டியைக் கொஞ்சம் காட்டுங்க" என்று கேளுங்கள். அந்தப் பெட்டியில் 'பகுதி ஐதரசனேற்றிய' என்று போட்டிருந்தால், அது சுத்த மரக்கறியாகவே இருந்தாலும் வாங்காமல் விடுவது நல்லது.