ஒரே தட்டில் இரவு உணவு: எதை எப்போது ஓவனுக்குள் வைப்பது?

கீமோதெரபி எடுத்துவரும் தம் தாய்க்குச் சமைத்துத் தரும் ஒரு மகள், எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வந்தபோது கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். ஓவன் தட்டு ஒன்றில் கோழிக்கால், உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் எல்லாம் ஒன்றாக இருந்தன. அலுவலகத்திலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் உள்ளே வைத்திருக்கிறார். 25 நிமிடத்தில் பீன்ஸ் கருகத் தொடங்கவே, பதறித் தட்டை வெளியே எடுத்துவிட்டார். கோழி மேலே நன்றாகச் சிவந்திருந்தது. கிள்ளிப் பார்த்தபோது எலும்பை ஒட்டிய சதை வேகாமல் வழவழப்பாக இருந்தது. அன்றைய உணவை அவர் கொட்டிவிட்டார். அது சரியான முடிவு.

கீமோதெரபிக்குப் பின் இரத்த வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில், அரைவேக்காட்டுக் கோழியில் உயிருடன் எஞ்சியிருக்கும் சால்மொனெல்லா போன்ற கிருமிகளை எதிர்க்கும் வலு உடலுக்கு இருப்பதில்லை. மற்றவர்களுக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்குடன் முடிவது, இவர்களுக்கு இரத்தத்தில் பரவும் தொற்றாக மாறக்கூடும். ஆகவே ஒரே தட்டுச் சமையலில் நாங்கள் முதலில் பார்ப்பது கோழி முழுமையாக வெந்ததா என்பதைத்தான். மற்றப் பொருட்களின் நேரத்தை அதற்கேற்ப அமைத்துக்கொள்ள வேண்டும்.

தட்டில் உள்ளவை ஒரே வேகத்தில் வேகாமைக்குக் காரணம் எளிது. சூடு வெளியிலிருந்து நடுப்பகுதிக்குச் செல்ல வேண்டும். கனமான, அடர்த்தியான உருளைக்கிழங்கில் அது மெதுவாகச் செல்கிறது. மெல்லிய பீன்ஸில் சட்டென்று சென்றுவிடுகிறது. அதற்குப் பிறகு நீர் வற்றிக் கருகுவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. எனவே சாப்பிடும் நேரத்தை முதலில் முடிவு செய்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும்.

அந்த மகளின் தட்டையே எடுத்துக்கொள்வோம். சுமார் 25 லிட்டர் ஓவன், வெப்பநிலை 200 டிகிரி செல்சியஸ், மேல் கீழ் இரண்டு கம்பிகளும் எரிய வேண்டும், தட்டு நடு அடுக்கில். எலும்புடன் கூடிய நான்கு சிறிய கோழிக்கால்கள், இரண்டு உருளைக்கிழங்கு, ஒரு பெரிய கேரட், ஒரு கைப்பிடி பீன்ஸ். 200 டிகிரியில், இரண்டரை சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டிய உருளைக்கிழங்குக்கு ஏறத்தாழ 45 நிமிடம் வேண்டும்; கேரட்டையும் அதே அளவில் வெட்டினால் அதனுடன் சேர்த்துவிடலாம். கோழிக்காலுக்கு 35 நிமிடம், பீன்ஸுக்கு 15 நிமிடம்.

இரவு 8 மணிக்குச் சாப்பிட வேண்டுமென்றால் 7:55-க்குத் தட்டு வெளியே வர வேண்டும். 6:55-க்கு ஓவனைச் சூடேற்றத் தொடங்குங்கள். காய்கறிகளை முதலில் வெட்டி முடியுங்கள். கோழியைத் தொடுவது அதற்குப் பிறகே. 7:10-க்கு எண்ணெயும் உப்பும் பிசறிய உருளைக்கிழங்கும் கேரட்டும் தட்டின் ஒரு பாதியில் உள்ளே போகின்றன. 7:20-க்குத் தயிர், இஞ்சி பூண்டு, மஞ்சள் தடவிய கோழியை மறு பாதியில், துண்டுகள் ஒன்றையொன்று தொடாதபடி வையுங்கள். 7:40-க்குப் பீன்ஸை உருளைக்கிழங்குப் பக்கம் பரப்பி, தட்டின் முன்பக்கம் பின்னால் வருமாறு திருப்பி வையுங்கள். வீட்டு ஓவன்களில் பின்புறம் பெரும்பாலும் கூடுதல் சூடாக இருக்கும். ஒவ்வொரு முறையும் தட்டை வெளியே எடுத்து, கதவை மூடிவிட்டு, அதன்பின் பொருளைச் சேருங்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டே அடுக்கினால் சிறிய ஓவன் நொடிகளில் ஆறிவிடும். கணக்கு முழுவதும் பிசகும்.

தட்டில் இடைவெளி இல்லாமல் குவித்தாலும் இதே பிசகு நேரும். காய்களிலிருந்து வரும் நீராவி வெளியேற வழியின்றி எல்லாம் அவிந்து போகும், நேரமும் கூடும். அளவு அதிகமென்றால் இரண்டு முறையாகச் சுடுவதே மேல்.

மூன்று முறை கதவைத் திறக்க நேரமில்லாதவர்கள் நேரத்துக்குப் பதிலாக அளவை மாற்றலாம். உருளைக்கிழங்கை ஒன்றரை சென்டிமீட்டருக்கு நறுக்கினால் கோழியுடன் ஒரே நேரத்தில் வைத்துவிடலாம். பீன்ஸுக்கு மட்டும் ஒருமுறை திறந்தால் போதும். வாய்ப்புண் உள்ளவர்களுக்கு உருளைக்கிழங்கை முன்னதாகக் குக்கரில் பாதி வேகவைத்துச் சேர்ப்பது இன்னும் நல்லது. ஓரங்கள் மொறுமொறுப்பாகி வாயில் குத்தாது.

இனி, கோழி வெந்ததை எப்படி அறிவது? நிறத்தை நம்ப வேண்டாம். தயிர் தடவிய கோழி உள்ளே வேகும் முன்பே மேலே சிவந்துவிடும். மாறாக, இளங்கோழியில் எலும்பு மச்சையின் நிறம் கசிவதால், நன்றாக வெந்த பிறகும் எலும்பருகே செம்மை தெரியலாம். நம்பத்தக்கது உணவு வெப்பமானி ஒன்றே. அதன் ஊசியை மிகப் பெரிய துண்டின் கனமான பகுதியில், எலும்பில் படாமல் செருகுங்கள். 74 டிகிரியைத் தொட்டிருக்க வேண்டும். குறைவாக இருந்தால் காய்களை மட்டும் சுத்தமான கரண்டியால் எடுத்து வைத்துவிட்டு, கோழியை மீண்டும் உள்ளே வையுங்கள். வெப்பமானி இல்லாத வீடுகளில் மார்புக்கறியைவிடக் கால்கறியையே நாங்கள் பரிந்துரைக்கிறோம். பத்து நிமிடம் கூடுதலாக இருந்தாலும் கால்கறி வறண்டு போகாது, இன்னும் மென்மையாகத்தான் ஆகும். கத்தியால் எலும்பு வரை கீறிப் பார்க்கும்போது சாறு தெளிந்து வந்து, சதை எலும்பிலிருந்து தானாகக் கழன்றால், அதன் பிறகும் ஐந்து நிமிடம் விட்டு எடுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று பொருட்களைச் சேர்க்கும் கை. 7:20-க்குப் பச்சைக் கோழியை எடுத்து வைத்த இடுக்கியால் 7:55-க்கு வெந்த கோழியை எடுத்தால், ஓவன் கொன்ற கிருமி திரும்ப வந்து சேரும். கோழி ஊறிய பாத்திரத்தில் எஞ்சிய தயிரையும் கடைசியில் மேலே ஊற்றக் கூடாது. கோழியைக் குழாயடியில் கழுவும் வழக்கமும் வேண்டாம் என்றே சொல்வோம். தெறிக்கும் நீர் பக்கத்தில் வெட்டி வைத்த காய்கள் வரை செல்லும். (இதைச் சொல்லும்போது மாமியார்கள் எங்களை முறைப்பது வழக்கம்.) பச்சைக் கீரை, காய்களைத் தவிர்க்குமாறு உங்கள் மருத்துவர் கூறியிருந்தால், கொத்தமல்லித் தழையைத் தட்டு வெளியே வந்தபின் தூவாமல் பீன்ஸுடன் கலந்து உள்ளே வைத்துவிடுங்கள்.

நடுவில் மின்சாரம் போனால் என்ன செய்வது என்று அந்த மகள் கேட்டார். அரைவேக்காட்டுக் கோழியை ஓவனிலேயே விட்டு மின்சாரம் வரக் காத்திருப்பது ஆபத்து. மெல்ல ஆறும் வெதுவெதுப்பில் கிருமிகள் பெருகும். உடனே கோழியை வாணலிக்கு மாற்றி, அரை டம்ளர் நீர் விட்டு, மூடி, கேஸ் அடுப்பில் வேகவைத்து முடித்துவிடுங்கள். உருளைக்கிழங்கையும் அதிலேயே சேர்க்கலாம். பீன்ஸ் இன்னும் ஓவனுக்குள் போகாதிருந்தால், கடைசி பத்து நிமிடத்தில் போட்டால் போதும்.