தண்ணீர் மட்டம் என்றால் எந்த மட்டம்?

கேள்வி: பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றுக்காக, போர்வெல்லில் சப்மெர்சிபிள் மோட்டார் பொருத்தும் கையேட்டை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கம் செய்தேன். எங்கள் ஊரில் மோட்டார் இறக்கும் பிட்டரிடம் படிக்கக் கொடுத்தேன். “உறை உறைன்னு பத்து இடத்துல வருதுங்க சார், எந்த உறையைச் சொல்றீங்க?” என்றார். கேசிங், நீர்மட்டம், மோட்டார் பாதுகாப்பு ஆகிய மூன்று பகுதிகளையும் அனுப்பியிருக்கிறேன். எங்கே தவறினேன்?
— வாசகர், பல்லடம்

பதில்: பிட்டர் கேட்டது சரியான கேள்வி. உங்கள் பிரதியில் ‘உறை’ மூன்று வெவ்வேறு பொருள்களைக் குறிக்கிறது: போரின் மேல்பகுதியில் மண் சரியாமல் இறக்கும் குழாய், மோட்டாரின் வெளிக்கூடு, மோட்டாரைச் சுற்றி மாட்டும் குளிர்விப்புக் குழாய். ஆங்கிலத்தில் இவற்றுக்கு மூன்று தனிச் சொற்கள் உண்டு. நீங்கள் ஒன்றாக்கிவிட்டீர்கள். முதலாவதை ‘கேசிங்’ என்றே எழுதுங்கள். கிராமத்தில் அதற்கு வேறு பெயர் கிடையாது. இரண்டாவது ‘மோட்டார் பாடி’. மூன்றாவது நம் பக்கத்தில் அதிகம் பழகாத பொருள் என்பதால் அதற்கு ஒரு வரி விளக்கம் வேண்டும்.

விளக்கம் இதுதான். சப்மெர்சிபிளில் பம்ப் மேலே, மோட்டார் கீழே, தண்ணீரை உறிஞ்சும் வாய் இரண்டுக்கும் நடுவே. கீழேயிருந்து வரும் தண்ணீர் மோட்டாரை உரசிக்கொண்டு மேலேறி வாய்க்குப் போனால்தான் மோட்டார் சூடு தணியும். பாறையில் ஊற்று 180 அடியில் இருக்க, மோட்டார் 230 அடியில் தொங்கினால், தண்ணீர் மேலிருந்து இறங்கி நேரே வாய்க்குள் போய்விடும். மோட்டாரைச் சுற்றி நிற்கும் தண்ணீர் அசையாது. இந்த நிலைமைக்காகத்தான் கையேடு அந்தக் குழாயை மாட்டச் சொல்கிறது. தண்ணீர் முதலில் கீழே போய், பிறகு மோட்டாரைத் தழுவிக்கொண்டு மேலேற அது வழி செய்கிறது. உங்கள் வாக்கியமான ‘தேவைப்படின் உறையைப் பொருத்தவும்’ என்பதைப் படிக்கும் பிட்டர், கேசிங்தான் ஏற்கெனவே இருக்கிறதே என்று தாண்டிப் போய்விடுவார்.

கேசிங் பகுதியில் இன்னொன்று உறுத்தியது. ‘பம்ப் எப்போதும் உறைக்குள், சல்லடைப் பகுதிக்கு மேலே இருக்க வேண்டும்’ என்று மொழிபெயர்த்திருக்கிறீர்கள். சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் அது அடிவரை கேசிங்கும் சல்லடைப் பைப்பும் இறக்கும் மணற்பாங்கான நிலத்துக்கான விதி. சல்லடைக்கு நேரே பம்ப் நின்றால் மணலையும் சேர்த்து இழுக்கும். கொங்குப் பகுதியில் கேசிங் கெட்டிப் பாறை தட்டும்வரைதான். அதற்குக் கீழே வெறும் பாறைத் துளை. மோட்டார் கேசிங்கைத் தாண்டிப் பல அடி இறங்கியாக வேண்டும். இதை நீங்களாகத் திருத்தக் கூடாது, அப்படியே விடவும் கூடாது. நிறுவனத்துக்கு எழுதி, ‘மணற்பாங்கான நிலத்தில்’ என்ற முன்சேர்க்கைக்கு ஒப்புதல் வாங்குங்கள்.

இனி நீர்மட்டம். மோட்டாரைக் காவு வாங்கக்கூடிய பிழை இங்கேதான் இருக்கிறது. மூலத்தில், பம்ப் ஓடும்போது தண்ணீர் எந்த மட்டத்துக்கு இறங்குமோ, அதிலும் மிகத் தாழ்ந்த மட்டத்துக்குக் கீழே 5 மீட்டராவது விட்டு இறக்கச் சொல்லியிருக்கிறது. நீங்கள் எழுதியது: ‘நீர்மட்டத்துக்கு 5 மீட்டர் கீழே.’ விடுபட்டவற்றில் முக்கியமானது ‘பம்ப் ஓடும்போது’ என்ற தொடர்.

ஒரு போரை வைத்துப் பார்ப்போம். 400 அடி ஆழம். காலையில் மோட்டார் போடுவதற்கு முன் தண்ணீர் 120 அடியில் நிற்கிறது. இது நிற்கும் மட்டம். தொடர்ந்து ஓடவிட்டால் தண்ணீர் இறங்கி இறங்கி 210 அடியில் வந்து நிலைக்கிறது. இது ஓடும் மட்டம். இரண்டுக்கும் நடுவே 90 அடி. 5 மீட்டர் என்பது சுமார் 17 அடி. மூலத்தின்படி பம்ப் குறைந்தது 227 அடியில் இருக்க வேண்டும். உங்கள் வாக்கியத்தை நம்பினால் 137 அடியில் நிற்கும். மோட்டார் போட்டதும் தண்ணீர் ஜோராகத்தான் வரும். கொஞ்ச நேரத்தில் மட்டம் 137-ஐ எட்டும். விட்டுவிட்டுக் காற்றோடு கொப்புளிக்கும். பிட்டர் போரில் தண்ணீர் இல்லை என்பார், விவசாயி மோட்டார் சரியில்லை என்பார். கையேட்டைக் குறை சொல்ல யாருக்கும் தோன்றாது.

‘நிலை நீர்மட்டம்’, ‘இயங்கு நீர்மட்டம்’ என்ற பாடநூல் சொற்களும் வேண்டாம். அவற்றைப் படிப்பவர் எதை அளக்க வேண்டும் என்று தெரியாமல் விழிப்பார். ‘மோட்டார் ஓடாதபோது நிற்கும் மட்டம்’, ‘மோட்டார் ஓடும்போது இறங்கி நிற்கும் மட்டம்’ என்று நீளமாகவே எழுதுங்கள். ‘மிகத் தாழ்ந்த’ என்பதற்குப் பக்கத்தில் ‘கோடையில்’ என்று சேர்க்க முடியுமா என்றும் நிறுவனத்திடம் கேளுங்கள். ஐப்பசியில் அளந்த 210 அடி சித்திரையில் நிற்காது.

மோட்டார் பாதுகாப்புப் பகுதியில் எல்லாக் கருவியையும் ‘பாதுகாப்பு ரிலே’ ஆக்கியிருக்கிறீர்கள். ஓவர்லோடு ரிலே, மோட்டார் இழுக்கும் ஆம்பியர் அளவுக்கு மீறினால் கட் ஆகும். தண்ணீர் வற்றி மோட்டார் வெறுமனே சுற்றும்போது ஆம்பியர் ஏறாது, இறங்கும். அதை ஓவர்லோடு ரிலே கண்டுகொள்ளாது. அதற்கென்று டிரை ரன் பாதுகாப்பு தனியாக வேண்டும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், ‘ரிலே இருக்கிறதே’ என்று வற்றும் போரில் மோட்டாரை விட்டுவிட்டுத் தூங்கப் போவார்கள்.

‘ஒற்றைக் கட்டத் தடுப்பான்’ என்பதைப் படித்தால், சிங்கிள் பேஸ் மோட்டாருக்கான சாமான் போலத் தெரிகிறது. உண்மையில் மூன்று பேஸில் ஒன்று போய்விட்டால் மோட்டாரை நிறுத்துவது அது. இல்லாவிட்டால் மிச்ச இரண்டு பேஸில் இழுத்துக் காயில் கருகும். ‘சிங்கிள் பேஸ் பிரிவென்டர்: ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும்’ என்று எழுதினால் முடிந்தது.

ரிலே முள்ளை ‘சரியான அளவில்’ வைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். மூலத்தில் மோட்டார் பெயர்த்தகட்டில் உள்ள ஆம்பியரைத் தாண்டக் கூடாது என்று இருக்கிறது. வோல்டேஜ் குறைந்தால் ஆம்பியர் ஏறி ரிலே அடிக்கடி கட் ஆகும்; உடனே முள்ளைக் கூட்டி வைப்பதுதான் தோட்டத்து வழக்கம். அந்தக் கையைத் தடுக்கவே அந்த வரி. ‘தகட்டில் 9.5 என்றால் முள்ளும் 9.5-க்கு மேல் போகக் கூடாது’ என்று எண்ணோடு சொல்லுங்கள்.

கேள்வி: மூலத்தில் எல்லாம் மீட்டர். பிட்டர்கள் அடியில்தானே பேசுகிறார்கள்?
— அதே வாசகர்

பதில்: இரண்டையும் போடுங்கள், அடியை முன்னால் போடுங்கள். முழு எண்ணாக்கும்போது எந்தப் பக்கம் என்பதில்தான் கவனம் வேண்டும். ‘குறைந்தது 5 மீட்டர்’ என்பது 16.4 அடி, அதை 17 ஆக்குங்கள், 16 ஆக்காதீர்கள். கேபிளைப் பைப்போடு கட்டும் இடைவெளி ‘3 மீட்டருக்கு மிகாமல்’ என்றால் 9.8 அடி, அங்கே 9.