பூ விழும் இடம்

புடைவை நெய்பவருக்குப் பூ எங்கே விழும் என்ற கவலை பெரிதாக இல்லை. கரை காலடியில் வரும். முந்தானை தோளில் விழும். வெட்டுப்படாத துணியாதலால் நெய்த இடத்திலேயே எல்லாம் நிற்கும். தைத்த உடையின் கதை வேறு. அங்கே துணி முதலில் துண்டுகளாகிறது, பிறகு வளைகிறது, மடிகிறது, ஒன்றோடொன்று இணைகிறது. தட்டையான துணியில் அழகாக இருந்த பூ, உடலின் மீது ஏறியதும் வேண்டாத இடத்தில் போய் உட்கார்ந்து கொள்கிறது.

இதற்காகவே, துணியை வெட்டுமுன் ஒவ்வொரு துண்டின் வடிவத்துக்கும் கணக்கிட்டுப் பூவை அச்சிடும் முறை ஒன்று உண்டு. தொழிற்கூடங்களில் அதனை எஞ்சினியர்டு பிரிண்ட் என்பார்கள். எண்ணம் பழையது. 1850-களில் ஐரோப்பியப் பெண்டிர் அணிந்த அடுக்குப் பாவாடைகளுக்கு, ஒவ்வோர் அடுக்கின் ஓரத்திலும் விழும்படியான கரையோடு துணியைத் தனியே நெய்தும் அச்சிட்டும் தந்தார்கள். இன்று மைதெளிக்கும் பொறிகள் துணியிலேயே அச்சிடுவதால், அச்சுக்கட்டை செதுக்காமல், ஒரே ஓர் உடைக்குக் கூட இதைச் செய்ய முடிகிறது.

துணியியல் படிக்கும் மாணவன் என்ற முறையில், இதில் நான் வேலை செய்து பார்த்த ஓர் உடையை எடுத்துக் கொண்டு விளக்குகிறேன். மார்புச் சுற்று 92 செ.மீ. உடைய பெண்ணுக்கான பருத்திக் குர்த்தா அது. பக்கப் பிளவு இல்லை. இடுப்பிலிருந்து கீழே சற்று விரிந்து செல்லும். மார்பில் ஒரு தாமரை. அதிலிருந்து இருபுறமும் ஒரு கொடி புறப்பட்டு முதுகுத் துண்டு வரை போகிறது. கீழ்விளிம்பில் பூக்கரை.

முதலில் மார்பு. தோளும் கழுத்தும் சேரும் இடத்திலிருந்து மார்பு உச்சி ஏறக்குறைய 26 செ.மீ. கீழே இருக்கும், நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் ஒன்பதரை செ.மீ. தள்ளி இருக்கும். உருண்டையான பூ எதுவும் இந்த இரண்டு புள்ளிகளின் மேல் விழலாகாது. விழுந்தால் பார்ப்பவர் கண் அங்கேயே போகும். அணிபவருக்கு அதைவிடச் சங்கடம் வேறில்லை. உள்ளாடையைப் பொறுத்து உச்சி சற்று ஏறியும் இறங்கியும் அமையுமாதலால் கொஞ்சம் இடைவெளியும் விட்டாக வேண்டும். எங்கள் தாமரையின் அகலம் 14 செ.மீ. அதை நடுக்கோட்டில் வைத்தால் ஒவ்வொரு புறமும் 7 செ.மீ. தான் செல்லும், உச்சிக்கு இரண்டரை செ.மீ. மிச்சம்.

தாமரை எளிது, கொடிதான் தொல்லை. மார்பின் திரட்சிக்கு இடம் கொடுக்கப் பக்கத் தையலில் டார்ட் பிடிக்கிறார்கள் அல்லவா? அந்த ஆப்பு வடிவ மடிப்பு இங்கே விளிம்பில் 3 செ.மீ. துணியை விழுங்கி விடுகிறது. கொடி அதன் குறுக்கே செல்வதால், தைத்தபின் ஓர் இலை பாதியாகிவிடும். தண்டு முறிந்தது போலத் தெரியும். இதற்கு வழி, டார்ட்டைக் காகிதத்திலேயே மூடிவிட்டு வரைவது. ஆனால் மூடினால் காகிதம் கூம்பாக எழும்பி நிற்குமே! ஆகவே, கீழ்விளிம்பிலிருந்து டார்ட்டின் முனை வரை காகிதத்தை நறுக்கிவிட வேண்டும். இப்போது பக்கத்து டார்ட்டை மூடினால், அந்த விரிவு கீழே திறந்து கொள்ளும். மார்புப் பகுதி தட்டையாகப் படியும். அதன்மேல் கொடியை முறியாமல் வரைந்து, பின்னர் டார்ட்டைத் திறந்து, கீழ் நறுக்கை மூடிவிடலாம். கொடி இரண்டாகப் பிரிந்து, நடுவே வெற்று ஆப்பு தெரியும். அந்த ஆப்பில் அடிநிறம் மட்டும் போதும். ஆனால் இலையின் நிறத்தை இருபுறமும் மூன்று நான்கு மில்லிமீட்டர் உள்ளே நீட்டி விடுதல் நலம். தையல் மயிரிழை விலகினாலும் அடிநிறக் கோடு எட்டிப் பார்க்காது.

அடுத்துக் கீழ்விளிம்பு. விரிந்த உடையின் கீழ்விளிம்பு நேர்கோடன்று. நடுவில் தாழ்ந்து பக்கங்களில் உயரும் வில். எங்கள் குர்த்தாவில் முன் துண்டின் பாதி அகலம் இடுப்பில் 20 செ.மீ., கீழே 30 செ.மீ., இடைப்பட்ட நீளம் 70 செ.மீ. கணக்கிட்டால் பக்கக்கோடு சுமார் 8 பாகை சாய்கிறது. விளிம்பு பக்கத்தில் 2 செ.மீ.க்குச் சற்று மேல் உயர்கிறது. கரையை நேராக அச்சிட்டு, நடுவில் விளிம்புக்கு மேல் இரண்டரை செ.மீ. விட்டால், பக்கத்தில் அந்த இடைவெளி அரை செ.மீ.க்கும் குறைந்து போகும். உடுத்தி நிற்கும்போது கரை இருபுறமும் தொங்குவதாகத் தோன்றும்.

கரைப் படத்தை அப்படியே வில்லாக வளைத்தால் பூக்கள் கோணும். நான் பூக்களைத் தனித்தனியே எடுத்து, ஐந்தை விளிம்பின் மேல் வரிசையாக நிறுத்தினேன். நடுப்பூ நேராக நிற்கும்; அடுத்த பூக்கள் மூன்றேகால் பாகையும், கடைசிப் பூக்கள் ஆறரை பாகையும் திரும்பி நிற்கும். ஒவ்வொன்றுக்கும் 12 செ.மீ. இடம், பூ 10 செ.மீ., இடைவெளி 2 செ.மீ. பக்கத் தையல் இடைவெளியின் நடுவில் விழுவதால், முதுகுத் துண்டோடு சேரும்போது எந்தப் பூவும் வெட்டுப்படாது. இந்த அளவுகள் எல்லாம் மடித்துத் தைக்கும் கோட்டிலிருந்து எடுக்கப்பட்டவை, வெட்டும் கோட்டிலிருந்து அல்ல.

இவ்வளவு கவனித்தும் கீழே மூன்று செ.மீ. பிசகலாம். காரணம் துணியின் சுருக்கம். சாயம் பிடிப்பதற்காக அச்சிட்ட பருத்தியை நீராவியில் வைத்து, பிறகு அலசுகிறார்கள். அதில் எங்கள் துணி நீளவாட்டில் நூற்றுக்கு 3 பங்கு சுருங்கியது. வெட்டும் காகிதத்தைத் தோளில் பொருத்தி விரித்தால், 26 செ.மீ. கீழே உள்ள மார்பில் பிழை முக்கால் செ.மீ. தான், யாரும் கவனிப்பதில்லை. 108 செ.மீ. கீழே, விளிம்பில், அது மூன்றேகால் செ.மீ. ஆகிவிடுகிறது. பூக்கரை அவ்வளவு மேலேறி நிற்கும்.

நான் பயிற்சிக்குச் சென்ற ஒரு தையற்கூடத்தில் இப்படி ஏறிய கரைகளைத் தையற்பெண்களின் பிழை என்று கணக்கெழுதி, உடைக்கு இவ்வளவு என்று கூலியில் பிடித்துக் கொண்டிருந்தார்கள். தள்ளிவைத்த ஏழு உடைகளை எடுத்து, தோளிலிருந்து தாமரை வரைக்கும், தோளிலிருந்து கரை வரைக்கும் அளந்தேன். இரண்டும் வரைபடத்தைவிட ஒரே விகிதத்தில் குறைந்திருந்தன, ஏழிலும். தைத்தவர் கை தவறியிருந்தால் குறைவு உடைக்கு உடை மாறும். தாமரையும் கரையும் ஒரே கணக்கில் நகர வழியில்லை. அந்த வாரப் பிடித்தத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். முந்தைய மாதங்களுடையதைக் கொடுக்கவில்லை.

தடுப்பது கடினமன்று. ஒவ்வொரு புதிய துணிச் சுருளிலும் 50 செ.மீ. சதுரம் ஒன்றை அச்சிட்டு, நீராவியும் அலசலும் முடிந்து உலர்ந்தபின் அளக்க வேண்டும். எங்களுடையது நீளத்தில் 48.5 செ.மீ. ஆயிற்று, அகலத்தில் 49.5. ஆகவே படத்தை நீளத்தில் 1.031 மடங்கும் அகலத்தில் 1.01 மடங்கும் பெருக்கி அச்சிட்டோம். வெட்டும் கோட்டையும் படத்தோடு சேர்த்தே அச்சிட்டுவிட்டால் இன்னும் நல்லது. பூவும் கோடும் ஒன்றாகவே சுருங்கும்.

பெரிய அளவு உடைகளுக்கு இதே படத்தைக் கணினியில் இழுத்துப் பெரிதாக்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. மார்புச் சுற்று 92-லிருந்து 102 ஆனால் உச்சி அரை செ.மீ. வெளியேயும் ஒரு செ.மீ. கீழேயும் நகரும்; தாமரை வளராமல் கீழே மட்டும் இறங்கினால் போதும். முன் துண்டின் விளிம்பு 60-லிருந்து 65 ஆகும். பூவை 10 செ.மீ. ஆகவே வைத்துக் கொண்டு, இடைவெளியை 2-லிருந்து 3 ஆக்கலாம். அதற்கும் பெரிய அளவுகளில் இடைவெளி அகன்று கரை சிதறியது போலாகும். ஆறாவது பூவைச் சேர்க்கவும் இயலாது. சேர்த்தால் தாமரைக்கு நேர்கீழே பூ இராது, வெற்றிடம் வரும். அந்த அளவுகளுக்கு ஏழு சிறு பூக்களைக் கொண்டு கரையைப் புதிதாகவே வரைய வேண்டும்.