மிதிச்சா 'டக் டக்', வண்டி நகரல: ஃப்ரீவீலுக்குள்ள என்ன நடக்குது?

சிக்னல்ல நிக்கிறீங்க. பச்சை விழுந்ததும் எழுந்து நின்னு பெடலை அமுக்குறீங்க. கால் கீழே போகுது, வண்டி போகல. உடம்பு பாரோட மோதும், இல்லன்னா பின்னாடி வர்ற பஸ்ஸுக்கு முன்னாடி சாய்வீங்க. இந்த வழுக்கலுக்கு உடனே செயினைத்தான் குறை சொல்வோம். பல நேரம் குற்றவாளி பின் சக்கரத்துல இருக்கிற ஃப்ரீவீல்.

மெஷின் தியரி பாடத்துல ராட்செட், பால் படிச்சிருப்பீங்க. (பரீட்சையில 'பால்'னு எழுதினா குடிக்கிற பால் ஞாபகம் வரும். அதனால இங்கே நாக்குன்னே சொல்றேன்.) ஃப்ரீவீல்ல ரெண்டு பாகம் இருக்கு. உள்பாகம் சக்கரத்தோட ஹப்ல திருகி இருக்கும். அதுல ரெண்டு சின்ன இரும்பு நாக்கு இருக்கும். ஒவ்வொண்ணையும் முடி மாதிரி மெல்லிசான ஸ்பிரிங் வெளியே தள்ளிக்கிட்டே இருக்கும். செயின் ஓடுற பல் வெளிப்பாகத்துல இருக்கு. அதோட உள்சுவரைச் சுத்தி சாய்வான ராட்செட் பல் வெட்டியிருப்பாங்க. முன்னே மிதிச்சா நாக்கு அந்தப் பல்லுல மாட்டி சக்கரத்தைத் தள்ளும். மிதிக்காம உருண்டா நாக்கு பல் மேல சறுக்கும், அதுதான் 'கிர்ர்ர்' சத்தம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒண்ணு: ஸ்பிரிங் சுமை எதையும் தாங்கல. அதோட வேலை நாக்கைத் தூக்கி விடுறது மட்டும்தான். நாக்கு முழுசா மாட்டினதுக்கு அப்புறம், பல் தள்ளுற விசையே நாக்கை இன்னும் உள்ளே இழுத்துப் பிடிச்சுக்கும். வடிவத்தை அப்படித்தான் வெட்டியிருக்காங்க. அதனால ஸ்பிரிங்கோட விசை ரொம்பக் கம்மி. அந்தச் சின்ன விசையைத் தோற்கடிக்க கெட்டியான கிரீஸ் போதும்.

எவ்வளவு சுமைன்னு ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 55 கிலோ எடையுள்ளவர் ஒரு பெடல்ல முழுசா நின்னா சுமார் 540 நியூட்டன். கிராங்க் நீளம் 170 மில்லிமீட்டர்னா முறுக்கு சுமார் 92 நியூட்டன் மீட்டர். முன்னாடி 44 பல், பின்னாடி 18 பல்னா ஃப்ரீவீலுக்கு வர்றது 92 × 18/44, அதாவது 37.5 கிட்ட. ராட்செட்டோட ஆரத்தை 25 மில்லிமீட்டர்னு வெச்சுக்கிட்டா, நாக்குகள் தாங்க வேண்டிய விசை 1500 நியூட்டன். ரெண்டும் சமமாப் பகிர்ந்தா ஆளுக்கு 750. ஒண்ணு கிரீஸ்ல ஒட்டிக்கிட்டா, மத்தது ஒண்டியா 1500ஐயும் சுமக்கணும். ஓட்டுறவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது, சத்தம்கூட வந்துக்கிட்டே இருக்கும். 'கிர்ர்' கேட்குதுன்னா ஒரு நாக்காவது வேலை செய்யுதுன்னு அர்த்தம், ரெண்டும் செய்யுதுன்னு இல்ல.

கடத்தூர்ல பக்கத்து வீட்டுப் பெரியப்பாவோட 22 அங்குல சைக்கிள்ல நடந்தது இதுதான். பால் கேன் ரெண்டு பக்கமும் தொங்கும். சத்தம் எரிச்சலா இருக்குன்னு ஃப்ரீவீலுக்குள்ள சக்கரத்து பேரிங் கிரீஸை அடைச்சு வாங்கிட்டு வந்தார். சத்தம் அடங்கிடுச்சு, அவருக்கு சந்தோஷம். மாதங்கள் போச்சு. தூசு கலந்து, எண்ணெய் வத்தி, கிரீஸ் மெழுகு மாதிரி ஆச்சு. மார்கழி விடியல்ல மட்டும் முதல் ரெண்டு மூணு மிதி சும்மா சுத்தும், அப்புறம் 'டக்'னு பிடிச்சுக்கும். பங்குனி வந்தப்போ மேட்டுல ஏறும்போதெல்லாம் வழுக்குச்சு.

"தம்பி, செயின்தான் லூசு. ஒரு கண்ணி எடுத்தாச்சு, இன்னும் போகல பாரு" என்றார்.

"பெரியப்பா, ஒரு சாக்பீஸ் கொடுங்க. செயினா ஃப்ரீவீலான்னு அதுவே சொல்லிடும்."

ஃப்ரீவீல் பல்லுல ஒரு கோடு, அதுக்கு நேரா ஸ்போக்ல ஒரு கோடு போட்டோம். பின் பிரேக்கை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு பெடலை அழுத்தச் சொன்னேன். பல் அசையாம, செயின் அது மேல ஏறித் தாண்டினா தேஞ்சது செயினும் பல்லும்தான். செயின் ஒழுங்கா உட்கார்ந்திருக்க, பல்லோட கோடு மட்டும் ஸ்போக் கோட்டை விட்டு முன்னே நகர்ந்தா வழுக்கல் ஃப்ரீவீல்ல. எங்களுக்குக் கோடு நகர்ந்தது. (ஹப்ல இருக்கிற மரை உரிஞ்சிருந்தாலும் இப்படி நகரும். அப்போ உள்பாகமும் சேர்ந்து சுத்தும், அதுக்கும் ஒரு கோடு போட்டுட்டா தெரிஞ்சிடும்.)

முதல்ல கழுவிப் பார்க்கணும். சக்கரத்தைக் கழற்றி, ஃப்ரீவீல் மேலே பார்க்கிற மாதிரி படுக்க வெச்சு, சுத்துற பாகத்துக்கும் சுத்தாத பாகத்துக்கும் நடுவுல இருக்கிற இடுக்குல மண்ணெண்ணெய் அல்லது டீசல் ஊத்துங்க. பல்லைப் பின்பக்கமா சுத்திக்கிட்டே இருங்க. கறுப்பா வழியும். தெளிவா வர்ற வரைக்கும் நாலஞ்சு தடவை செய்யணும். அப்புறம் தையல் மெஷின் எண்ணெய் சில சொட்டு. கிரீஸ் மட்டும்தான் பிரச்சினைன்னா இதோட முடிஞ்சுடும், சத்தமும் கூர்மையா திரும்பி வரும். பெரியப்பா சைக்கிள்ல சத்தம் வந்தது, ஆனா பிரேக் பிடிச்சு அழுத்தினப்போ மறுபடியும் வழுக்குச்சு. அதனால பிரிச்சோம்.

முன்னாடி ரெண்டு குழி இருக்கிற மூடி வளையம் தெரியும். அது இடது மரை. கடிகாரம் சுத்துற திசையில தட்டினாத்தான் கழலும், எதிர்ப்பக்கம் தட்டி மரையைக் கெடுத்தவங்க நிறைய. கீழே ஒரு தட்டு வையுங்க, கடுகு பெருசாக்கின மாதிரி குண்டுகள் கொட்டும். மூடிக்குக் கீழே காகிதம் மாதிரி மெல்லிசான ஷிம் வளையங்கள் இருக்கும். அதுல ஒண்ணைத் தொலைச்சுட்டு மாட்டினா ஃப்ரீவீல் இறுகிடும்.

உள்ளே பார்த்ததுதான் விஷயம். ஒரு நாக்கு தன் குழிக்குள்ளேயே படுத்து, மெழுகான கிரீஸ்ல இன்னும் பாதி ஒட்டியிருந்தது. முனை புதுசு மாதிரி கூர்மை. ரொம்ப நாளா அது வேலையே செய்யல. மத்த நாக்கோட முனை உருண்டு, கண்ணாடி மாதிரி மின்னிச்சு. ராட்செட் பல்லோட தள்ளுற முகமும் நுனியில மழுங்கியிருந்தது.

காரணம் இப்படி. கெட்டி கிரீஸ்ல நாக்கு மெதுவாத்தான் எழும். முழுசா எழறதுக்குள்ள மிதி விழுந்தா, பல்லோட நுனியில மட்டும் மாட்டும். 1500 நியூட்டன் முழுசும் அந்த மெல்லிய விளிம்புல விழும்போது அது நசுங்கி உருளும். முனை உருண்டதும் விசையோட திசை மாறிடுது. முன்னாடி நாக்கை உள்ளே இழுத்த அதே விசை, இப்போ அச்சுக்கு மறுபக்கமாப் போய் நாக்கை வெளியே தள்ளும். அந்த நிலைக்கு வந்ததுக்கு அப்புறம் எவ்வளவு கழுவினாலும், எவ்வளவு நல்ல ஸ்பிரிங் போட்டாலும் வழுக்கும்.

நாக்கை அரத்தால ராவிக் கூர்மையாக்கலாமான்னு கேட்பீங்க. மேல்தோலுக்கு மட்டும்தான் கடினம் ஏத்தியிருப்பாங்க. அது போனா உள்ளே மெத்து இரும்பு, சீக்கிரமே உருண்டுடும். நாக்கும் ஸ்பிரிங்கும் தனியா கடையில கிடைக்கும், ராட்செட் பல் கூர்மையா இருந்தா மட்டும் அதை மாத்துங்க. மழுங்கின பல்லுல புது நாக்கு போட்டா அதுவும் நுனியிலதான் மாட்டும். நாங்க முழு ஃப்ரீவீலையே மாத்தினோம், சில நூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சது. ஹப் மரையில கொஞ்சம் கிரீஸ் தடவி, கையாலேயே திருகினா போதும், மிதிக்க மிதிக்க தானா இறுகிடும். அந்த மரையில கிரீஸ் நல்லது, நாக்கு இருக்கிற இடத்துல மெல்லிய எண்ணெய்.

புது ஃப்ரீவீல் கடகடன்னு சத்தம் போடுது. "இதுக்கும் கொஞ்சம் கிரீஸ் அடைக்கலாமா தம்பி?"ன்னு பெரியப்பா கேட்டார். பழைய ரெண்டு நாக்கையும் அவர் உள்ளங்கையில வெச்சுக் காட்டினேன்.